மாடி வீட்டில் வைஃபை எல்லா அறைக்கும் சமமாகப் போக: ரவுட்டரை எங்கே வைப்பது, இரண்டாவதை எங்கே மாட்டுவது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. பின்னேரம் மேல்மாடியின் பின் அறையிலிருந்து சூமில் வகுப்பு எடுப்பேன். "ரீச்சர், உங்கட குரல் வெட்டி வெட்டி வருது" என்று பிள்ளைகள் சொல்லாத நாள் இல்லை. கீழே ஹோலில் மகன் அதே நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பான், படம் ஒருக்காலும் நிற்காது. இணைப்பு ஒன்றுதான், வீடும் ஒன்றுதான்.

இதைச் சரிப்பண்ண எனக்கு நாலு மாதம் எடுத்தது. காரணம், காசைத் தலைகீழ் வரிசையில் செலவழித்தேன். முதலில் பெரிய பக்கேஜுக்கு மாறினேன், பிறகு அலையை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கினேன், கடைசியாகத்தான் அளந்து பார்த்தேன். நீங்கள் அளப்பதில் தொடங்குங்கள். கீழே எழுதியிருப்பது ஃபைபர் இணைப்பு உள்ள, சீமெந்துக்கல் சுவரும் கொங்கிறீற் தட்டும் போட்ட இரண்டு மாடி வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடு அதுதான்.

எங்கள் வீட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு விளங்கும். அகலம் 28 அடி, நீளம் 44 அடி. முன்னால் விறாந்தை, அதற்குப் பின் ஹோல், இடப்பக்கம் இரண்டு அறை, கடைசியில் குசினி. படிக்கட்டு உள்ளேதான், குசினிக்குப் பக்கத்தில் ஏறுகிறது. மேலே நடுவில் சின்ன ஹோல், சுற்றி மூன்று அறை. ஃபைபர் பெட்டியை (ரவுட்டரும் அதற்குள்தான்) வயர் உள்ளே வந்த முன்சுவர் மூலையிலேயே, டீவிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லா வீட்டிலும் அங்கேதான் வைப்பார்கள். வந்தவர்களுக்கு அது கிட்ட.

## 1. போனில் உள்ள கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்

போனின் மேல் மூலையில் தெரியும் கோடுகளை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. அன்ட்ரொயிட் என்றால் WiFi Analyzer போன்ற இலவச செயலி ஒன்றை இறக்குங்கள். ஐபோன் என்றால் AirPort Utility இறக்கி, போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்குள் போய் Wi-Fi Scanner என்பதைத் திறந்துவிட வேண்டும். இரண்டிலும் dBm என்று ஓர் எண் வரும். அது சைபருக்குக் கீழான எண், ஆகவே -50 நல்லது, -80 மோசம். 10 இறங்கினால் வரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்கு. வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓட -67 அல்லது அதைவிட நல்ல எண் வேண்டும். -75 தாண்டினால் வெட்டத் தொடங்கும்.

ஒரு கடதாசியில் வீட்டின் இரண்டு தட்டையும் கீறுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஆள் உண்மையாக இருக்கிற இடத்தில், அதாவது கட்டிலிலோ மேசையிலோ, கதவைச் சாத்திவிட்டு, அரை நிமிடம் நின்று எண்ணை எழுதுங்கள். ரவுட்டர் கொடுக்கிற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனியாக, 2.4 ஜிகாஹேர்ட்ஸுக்கு ஒன்று, 5 ஜிகாஹேர்ட்ஸுக்கு ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் இருந்தாலும் செயலி வேறு வேறாகக் காட்டும்.

என் மேசையில் 5இல் -84, 2.4இல் -76. குசினியில் 5இல் -74. மகன் இருக்கிற ஹோலில் -45. பக்கேஜைப் பெரிதாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை என்பதை இந்த நாலு எண்ணும் சொல்லியிருக்கும், நான் அப்போது எடுத்திருந்தால்.

இன்னொன்றும் பாருங்கள். லப்டொப்பை ஃபைபர் பெட்டியில் கேபிளால் கொழுவி வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் பிழை வீட்டுக்குள் இல்லை. பெட்டியை எங்கே தூக்கி வைத்தும் வேலையில்லை, முதலில் கொம்பனிக்குத்தான் அடிக்க வேண்டும்.

## 2. புதிதாக ஒன்றும் வாங்க முதல் ரவுட்டரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்

முன்மூலையில் இருக்கும் ரவுட்டரின் சக்தியில் பெரும்பகுதி றோட்டுக்கும் பக்கத்து வளவுக்கும் போகிறது. அதை ஹோலின் நடுப்பகுதிச் சுவருக்கு, ஆறு ஏழு அடி உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதே பெட்டி வேறு பெட்டி மாதிரி வேலை செய்யும். டீவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜுக்கு மேல், பெரிய கண்ணாடிக்கு எதிரே வேண்டாம். உலோகம் அலையை மறிக்கும், கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். எங்கள் அத்தை சுவாமி அறை மாடத்தில் வைக்கச் சொன்னா. உயரமும் இடமும் சரி, ஆனால் பித்தளை விளக்கும் கற்பூரப் புகையும் இருக்கிற இடம் அது.

ஃபைபர் வயரை நீங்களே இழுத்து மாற்ற வேண்டாம். அதற்குள் இருப்பது கண்ணாடி இழை. தேத்தண்ணிக் கோப்பையின் வாயைவிடச் சின்ன வட்டமாக மடித்தால் ஒளி கசியும், இன்னும் மடித்தால் முறியும். கொம்பனிக்கு அறிவித்து இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அறிவிக்க முதல் பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பில் மட்டக்களப்பில் இருக்கிற மாமாவின் பெயரில். முதல் தரம் போனபோது கணக்கு இலக்கம் மட்டும் கொண்டுபோனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமாவின் அடையாள அட்டைப் பிரதி, அவர் கையெழுத்திட்ட கடிதம், என் அடையாள அட்டை, கடைசி பில் எல்லாம் கொண்டுபோன பிறகுதான் எழுதினார்கள். ஆள் வர 11 நாள். கட்டணம் எவ்வளவு, கையில் கொடுப்பதா பில்லில் ஏறுமா என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரும் நாளுக்கு முன் புது இடத்தில் பிளக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பிளக் போட்டுட்டுச் சொல்லுங்க" என்று போய்விடுவார்கள், திரும்ப வரிசை.

வாடகை வீடென்றாலோ மாற்ற முடியாதென்றாலோ, பெட்டியை அங்கேயே விட்டு, அதிலிருந்து ஹோல் நடுவுக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே அந்தக் கேபிளிலிருந்து வைஃபை கொடுக்கிற தனிப் பெட்டி, அதாவது அக்சஸ் பொயின்ற், வைக்கலாம். செலவு கூட, பலன் அதேதான்.

மாற்றிய பிறகு திரும்ப அளந்தேன். குசினி -74இலிருந்து -62. என் மேசை -84இலிருந்து -75. கீழ்த்தட்டு முடிந்தது. மேலே இன்னும் இல்லை.

## 3. மேல்தட்டுக்குத் தனிப் பெட்டி வேண்டும், ரிப்பீட்டர் வேண்டாம்

இடையில் நிற்பது கொங்கிறீற் தட்டு. ஐந்து அங்குல கொங்கிறீற்று, உள்ளே ஆறு எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கம்பி, மேலே டைல்ஸ். 5 ஜிகாஹேர்ட்ஸ் அலை இதற்குள்ளால் போய் மற்றப் பக்கம் மிஞ்சுவது கொஞ்சம். அதிலும் சாய்வாகப் போனால் தட்டுக்குள் நடக்கிற தூரம் கூடும். ரவுட்டருக்கு நேர் மேலே உள்ள அறையில் கிடைப்பது மூலை அறையில் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

இந்தத் தட்டைத் தாண்டத்தான், அளக்க முதலே, நான் ரிப்பீட்டர் வாங்கினேன், 6,800 ரூபாய். கடைக்காரர் சொன்னபடி என் மேசைக்குப் பக்கத்துப் பிளக்கில் கொழுவினேன். போனில் கோடு முழுதாக வந்தது. வகுப்பு முன்னையைவிட மோசமாக வெட்டியது. போன் காட்டியது ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலான பலத்தை. அது நாலடி தூரம், முழுதாக வராமல் என்ன செய்யும்? ரிப்பீட்டருக்குக் கீழேயிருந்து வந்தது அதே செத்த அலை. இல்லாததை எடுத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுக்கிற சாதா ரிப்பீட்டர் என்றால், நல்ல இடத்தில் வைத்தாலும் வேகம் அரைவாசியாகும்.

கேபிள் வழியே இணைப்பு வாங்கி மேலே புதிதாக வைஃபை கொடுக்கிற பெட்டிதான் சரி. அதைத்தான் அக்சஸ் பொயின்ற் என்பது. தனியாக விற்பதை வாங்கலாம், அல்லது சாதாரண ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பொயின்றாக மாற்றலாம். பழைய ரவுட்டர் வீட்டில் கிடக்கிறதென்று சந்தோசப்பட முதல் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்களிடம் கிடந்தது 2.4 மட்டும் உள்ளது, அதன் துளைகளும் 100 மெகாபிற்றுக்கு மேல் போகாது. ஆகவே இரண்டு அலைவரிசையும் ஜிகாபிற் துளையும் உள்ள ஒன்றைப் டவுனில் 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் அக்சஸ் பொயின்ற் மோட் உண்டா என்று கேட்டு வாங்கினால் 5ஆம் படி பாதியாகக் குறையும்.

எங்கே மாட்டுவது? கீழ்ப்பெட்டிக்கு நேர் மேலே அல்ல. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் நடு இரண்டு தரம் நனையும், மூலைகள் காய்ந்தே கிடக்கும். கீழ்ப்பெட்டி வீட்டின் முன்பாதியில் என்றால் மேல்பெட்டி பின்பாதியில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் கீழே முன்சுவரிலிருந்து 18 அடி, மேலே பின்சுவரிலிருந்து 15 அடி, படி ஏறி முடிகிற இடத்துச் சுவர். படிக்கட்டு வாயில் கொங்கிறீற் இல்லை, அதனால் மேல்பெட்டி குசினிக்கும் கொஞ்சம் உதவுகிறது.

சுவரில் ஏழு அடி உயரம் போதும். சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்க வேண்டாம். அங்கே கூரைக்குக் கீழ் விரிக்கிற வெள்ளித்தாள் இருக்கும், கச்சான் மாதங்களில் சூடும் தாங்காது. வெளி அன்டெனா உள்ள பெட்டியென்றால் அன்டெனாவை நேராக நிறுத்துங்கள். அலை அதன் பக்கவாட்டில்தான் விரியும், நுனியால் அல்ல. ஒரே தட்டுக்குள் பரவ வேண்டிய பெட்டிக்கு அதுதான் வசதி.

துளைக்க முதல் ஒரு ஒத்திகை பாருங்கள். நீளமான கேபிள் ஒன்றை இரவல் வாங்கிப் படிக்கட்டு வழியே தரையில் போட்டு, பெட்டியை நினைத்த சுவருக்குப் பக்கத்தில் அலுமாரி உயரத்தில் ஒரு நாள் வைத்து அளந்தேன். முதலில் நினைத்த இடம் இன்னும் நாலடி பின்னால். அங்கே வைத்தபோது முன் அறையில் -72. நாலடி முன்னே கொண்டுவந்ததும் -66.

## 4. கேபிள்: இங்கேதான் கூட ஏமாறுவது

ஹோலிலிருந்து படிக்கட்டுத் தலைப்பு வரை எனக்கு 22 மீற்றர். கேட் 6 கேபிள், மீற்றர் 140 ரூபாய், 3,080. குழாய், கிளிப் 1,150. துளைக்கிற கூலியும் இழுக்கிற கூலியும் 4,500. வேலை அரை நாள்.

கடையில் மலிவாக ஒரு கேபிள் காட்டுவார்கள். வெளியே அதே நிறம், அதே எழுத்து, உள்ளே அலுமினியத்தில் செம்புப் பூச்சு. சிசிஏ என்று சொல்வார்கள், பல கடையில் சொல்லவும் மாட்டார்கள். ஒரு இழையின் நுனியைச் சவரத் தகட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். நாலு தரம் மடித்து நிமிர்த்தவே முறியும், கடற்காற்றில் அரிக்கும். முழுச் செம்பு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும்.

வயரிங் செய்ய வந்த தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், கறண்ட் குழாய் மேலே போகுதுதானே, அதுக்குள்ளேயே விட்டுடுவம். சுவர் துளைக்கத் தேவையில்லை" என்றார். விடவேண்டாம் என்று சொன்னேன். ஒரே குழாய்க்குள் 230 வோல்ற் வயர் உரசிப் பிய்ந்தால் அது போய்ச் சேருவது கேபிளின் மறுமுனையில் உள்ள பெட்டிக்கும் அதைத் தொடுகிற கைக்கும். கறண்டின் இரைச்சல் ஏறி இணைப்புக் குழம்புவது அதற்குப் பிறகுள்ள பிரச்சினை. தனிக் குழாய் போடுங்கள். இரண்டும் குறுக்கிட வேண்டி வந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

தட்டைத் துளைக்க வேண்டியதில்லை என்றால் துளைக்காதீர்கள். நாங்கள் படிக்கட்டுச் சுவரோடு குழாயைக் கொண்டுபோனோம், சுவரில் இரண்டு துளை மட்டும். வெளிச்சுவரால் கொண்டுபோவதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ள கேபிளாகப் பாருங்கள். வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிற உறை எங்கள் வெயிலில் வெடித்துவிடும். இரண்டு முனையிலும் இரண்டடி மேலதிகமாகச் சுருட்டி விடச் சொல்லுங்கள்.

கேபிளின் இரண்டு முனையிலும் பிளக் தலை அடித்து முடிந்ததும் ஆளை அனுப்பிவிட வேண்டாம். லப்டொப்பை மேல்முனையில் கொழுவி, விண்டோஸின் இணைப்பு விபரங்களில் Link speed என்ற வரியைப் பாருங்கள். 1000/1000 (Mbps) என்று வர வேண்டும். 100/100 என்று வந்தால் எட்டு இழையில் ஒன்றாவது தொடவில்லை. இன்டர்நெட் வேலை செய்யும், அதனால் "எல்லாம் சரி" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் முதலில் 100தான் வந்தது. கீழ்முனைத் தலையை வெட்டித் திரும்ப அடித்ததும் 1000 ஆனது.

## 5. மேல்பெட்டியை அமைப்பது

அக்சஸ் பொயின்ற் மோட் இருந்தால் மெனுவில் Operation Mode என்பதற்குள் Access Point ஐத் தெரிந்து, வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் கீழே உள்ளதைப் போல வைத்தால் போதும். இல்லாவிட்டால் கையால் மாற்ற வேண்டும், இருபது நிமிட வேலை.

பெட்டியைக் கீழ் ரவுட்டரில் இன்னும் கொழுவாமல், லப்டொப்பை மட்டும் அதில் கொழுவி உள்ளே போங்கள். முதலில் வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் கீழ் ரவுட்டரில் உள்ளதைப் போலவே ஓர் எழுத்தும் பிசகாமல் வையுங்கள். அடுத்தது பெட்டியின் முகவரி. கடைசியாக, போன்களுக்கு முகவரி பகிர்ந்து கொடுக்கிற DHCP ஐ நிறுத்துங்கள். வரிசை மாறினால் பாதியில் பெட்டிக்குள் போக முடியாமல் நிற்பீர்கள். முடிவில் இப்படி இருக்க வேண்டும்:

```
கீழே : 192.168.1.1   DHCP On   192.168.1.100 - 192.168.1.199
மேலே : 192.168.1.2   DHCP Off
```

உங்கள் கீழ் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம், அதற்கேற்ப மேலே உள்ளதன் கடைசி எண்ணை மட்டும் வேறாக்குங்கள். மேலே கொடுக்கிற எண், கீழ் ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கிற எண்களுக்குள் வரக்கூடாது. வந்தால் ஒருநாள் யாரோ ஒருவரின் போனுக்கும் அதே எண் போய் இரண்டும் அடிபடும்.

கையால் மாற்றிய பெட்டியில் கேபிளை நிறம் வேறாக, WAN என்று எழுதியிருக்கும் வான் துளையில் குத்தவே கூடாது, LAN என்று எழுதியிருக்கும் லான் துளையில் குத்துங்கள். DHCP ஐ நிறுத்தாமல் வான் துளையில் குத்தினாலும் இன்டர்நெட் வரலாம். ஆனால் மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று வலை பிரிந்துவிடும். மேலே இருந்து கீழே உள்ள பிரிண்டருக்கு அச்சடிக்க முடியாமல் நான் அரை நாள் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

## 6. இரண்டு பெட்டியும் சண்டை பிடிக்காமல்

2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல் 1, 6, 11 மூன்றுதான். கீழே 1, மேலே 11 என்று வையுங்கள், அகலம் 20MHz. 5இல் கீழே 36, மேலே 149 (மெனுவில் இருந்தால்), அகலம் 80MHz. Auto என்று விடலாம், ஆனால் கறண்ட் போய் வரும்போது இரண்டும் ஒரே சனலைப் பிடிக்கிற நாளும் வரும்.

அடுத்தது, போன் பிடிவாதம். கீழே இருந்து போனோடு மேலே ஏறினால் அது உடனே மேல்பெட்டிக்கு மாறாது. எந்தப் பெட்டியில் இருப்பது என்று தீர்மானிப்பது போன்தான், பெட்டி அல்ல. கீழ்ப்பெட்டியின் அலை ஓரளவு கேட்கும் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் -70 தாண்டிய பிறகே விடும். அதனால் 2.4இன் Transmit Power ஐ இரண்டு பெட்டியிலும் ஒரு படி குறையுங்கள். சக்தியைக் குறைத்தால் வேகம் கூடுவது முதலில் எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. குறைத்த பிறகு படியின் பாதியிலேயே போன் மாறுகிறது.

சோதிக்க, லப்டொப்பில் இதை ஓடவிட்டுக்கொண்டு கையில் தூக்கியபடி கீழும் மேலும் நடங்கள்:

```
ping -t 192.168.1.1
```

மாறும் இடத்தில் Request timed out ஒன்றிரண்டு வரலாம். பத்துப் பதினைந்து வந்தால் பெயரிலோ பாதுகாப்பு வகையிலோ ஏதோ வித்தியாசம் இருக்கிறது.

பிறகு பழைய கடதாசியை எடுத்து எல்லா அறையையும் திரும்ப அளந்தேன். என் மேசை -51. மேல் முன் அறை -66. குசினி -60. கீழே பின் அறை -64. எங்கும் -67க்கு மோசமில்லை. மேல் பல்கனியில் மட்டும் -73. அங்கே இருந்து யாரும் வகுப்பு எடுப்பதில்லை, விட்டுவிட்டேன்.

## 7. கறண்ட், இடி, உப்புக்காற்று

கறண்ட் போகும்போது கீழ்ப்பெட்டிக்கு மட்டும் யூபிஎஸ் வைத்தால் மேலே வைஃபை இருக்காது. ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் வாங்குவதென்றால் இரண்டு வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் அடப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ற் சரியாகப் பொருந்த வேண்டும், அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும். 9 வோல்ற் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும்.

இடி இடிக்கும் பின்னேரங்களில் இரண்டு பெட்டியின் பிளக்கையும் கழற்றுங்கள். வளவுக்குள் தனியாக நிற்கிற கட்டடத்துக்கு இந்தச் செம்புக் கேபிளை வெளியால் இழுக்க வேண்டாம். மின்னல் அதன் வழியே இரண்டு பக்கத்துப் பெட்டியையும் தட்டும். அதற்கு ஃபைபர்தான் பொருத்தம், அது வேறு கதை.

எங்களைப் போல் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வருடத்தில் ஒருமுறை Link speed ஐப் பாருங்கள். போன மாரி முடிந்து பார்த்தபோது 1000 திரும்ப 100 ஆகியிருந்தது. மேல்முனைத் தலையைக் கழற்றினால் எட்டு ஊசியில் இரண்டு பச்சை பிடித்துக் கிடந்தது. படிக்கட்டு யன்னல் அதற்கு நேர் எதிரே, வாடைக்காற்று நேராக அடிக்கிற இடம். சுருட்டி விட்டிருந்த இரண்டடியில் ஓரங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் புதுத் தலை அடித்தேன். பத்து நிமிட வேலைக்கு அவர் கேட்டது 300 ரூபாயும் ஒரு தேத்தண்ணியும்.